நாலு பின், ஆறு பின், இ-சாட்டா: ரங்கூன் கல்யாண வீடியோக்களை மீட்ட கதை

மொகல் தெருப் பக்கம் இருபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று எது நடந்தாலும் ஒரு மாமாதான் கேமராவோடு நிற்பார். கண் பார்வை குறைந்த பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டார். அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சாமான்கள் எல்லாம் இப்போது என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. ஒரு சோனி ஹேண்டிகேம், பெட்டி நிறைய சின்ன டிஜிட்டல் கேசட்டுகள், அந்தக் காலத்தில் எடிட்டிங் செய்த அசெம்பிள் கம்ப்யூட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு வெளிப்பெட்டி, கூடவே சிக்குப் பிடித்த கேபிள் கட்டு.

“தம்பி, எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துருப்பா, பேத்தி கல்யாணத்துல ஓட்டணும்” என்றார். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் அந்தக் கேமராவில் இருப்பது இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத துளை. டிஸ்க் பெட்டியில் இருப்பது இன்னொரு வகைத் துளை, அதுவும் இப்போது கிடையாது. எந்தத் துளை எது என்று சரியாகத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேமராவின் துளை

ஹேண்டிகேமின் பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்தால் இரண்டு சின்னத் துளைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று மினி யு.எஸ்.பி. இன்னொன்று நாலு பின் ஃபயர்வயர். சோனிக்காரர்கள் இதை ஐ-லிங்க் என்பார்கள், கம்ப்யூட்டர் திரையில் 1394 என்று வரும். மூன்றும் ஒன்றுதான்.

இரண்டும் பார்வைக்கு உறவுக்காரர்கள் போல இருப்பதால்தான் குழப்பம். டார்ச் அடித்துப் பாருங்கள். மினி யு.எஸ்.பி. சற்று அகலம், இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி வரும், உள்ளே ஐந்து பின். ஃபயர்வயர் துளை அதைவிடக் குறுகல், ஏறக்குறைய நீள்சதுரம், ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் மட்டும் உள்வாங்கி இருக்கும். உள்ளே நாக்கு மாதிரி நீட்டியிருக்கும் பிளாஸ்டிக்கில் நாலு பின் தெரியும். அந்தத் துளைக்குப் பக்கத்தில் டிஜிட்டல் வீடியோவின் முதலெழுத்துகள் இரண்டோ, ஐ-லிங்க்கின் வளைந்த குறியோ அச்சிட்டிருக்கும். யு.எஸ்.பி. பக்கத்தில் மூன்று கிளை விட்ட அந்தச் சூலக்குறி இருக்கும்.

மாமாவின் மருமகன் ஏற்கெனவே யு.எஸ்.பி. துளையில் ஒரு கேபிளைச் செருகிப் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் கேமராவைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் உள்ளே கேசட் படம் இல்லை. அது அப்படித்தான். அந்த மாதிரிக் கேமராக்களில் யு.எஸ்.பி. இருப்பது மெமரி ஸ்டிக்கில் எடுத்த போட்டோக்களுக்காக. சில மாடல்களில் வெப்கேம் தரத்தில் படம் வரும். டேப்பில் பதிந்திருப்பதை அப்படியே, ஒரு பிட் குறையாமல் எடுக்க வேண்டுமானால் நாலு பின் வழிதான்.

அடுத்து அவர் வாங்கி வந்தது, ஒரு முனை நாலு பின், மறுமுனை யு.எஸ்.பி. உள்ள கேபிள். எங்கே போனாலும் விற்கிறார்கள். உள்ளே சிப் எதுவும் கிடையாது, கம்பியைக் கம்பியோடு இணைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அது ஒருநாளும் வேலை செய்யாது. யு.எஸ்.பி.யில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் எதிர்ப்பக்கம் பதில் சொல்லும். ஃபயர்வயரில் அப்படி எஜமான், வேலையாள் கிடையாது. கேமரா தனக்கு ஒதுக்கிய நேரத்தில், நொடிக்கு 8000 தடவை, யாரும் கேட்காமலேயே டேட்டாவை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டும் வேறு வேறு மொழி. பிளக்கின் வடிவத்தை மாற்றினால் மொழி மாறாது. அந்தக் கேபிளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ஆறு பின்னும் அதன் ஆபத்தும்

மாமாவின் பழைய கம்ப்யூட்டரில் முன்பக்கம் ஆறு பின் ஃபயர்வயர் துளை இருந்தது. இதை அடையாளம் காண்பது சுலபம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், ஒரு முனை சதுரமாகவும் மறுமுனை கூம்பியும் இருக்கும். நாலு பின்னுக்கும் ஆறு பின்னுக்கும் உள்ள வித்தியாசம் கரண்ட் மட்டும்தான். டேட்டாவுக்கு இரண்டிலும் இரண்டு ஜோடிக் கம்பிகள். ஆறு பின்னில் கூடுதலாக ஒரு மின்சாரப் பின், ஒரு எர்த் பின். டெஸ்க்டாப்பில் அந்த மின்சாரப் பின்னில் பெரும்பாலும் 12 வோல்ட் வரும். கேமரா தன் சொந்த பேட்டரியில் ஓடுவதால் அதற்கு அது தேவையில்லை. அதனால்தான் ஆறிலிருந்து நாலுக்கு வரும் கேபிளில் அந்த இரண்டு கம்பியும் பாதியிலேயே நின்றுவிடும்.

எல்லாம் சரியாக இருக்கும்வரை ஆபத்து இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்கத் துளையின் தகட்டு உறை நெகிழ்ந்து போயிருக்கும். அப்போது பிளக் தலைகீழாகவும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளே போய்விடும். போனால் 12 வோல்ட் நேராக டேட்டா கம்பியில் ஏறி, கேமராவின் உள்ளே இருக்கும் சிப்பைச் சுட்டுவிடும். கேமரா செத்துப்போகாது. டேப் ஓடும், சின்னத் திரையில் படம் தெரியும், மஞ்சள்-வெள்ளை-சிவப்புக் கேபிளில் டிவிக்கும் படம் போகும். ஃபயர்வயர் மட்டும் நிரந்தரமாக ஊமை. “கேமரா நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர்தான் பிடிக்க மாட்டேங்குது” என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பொறி மதர்போர்டில் இருக்கிறது. முன்பக்க யு.எஸ்.பி.க்கும் முன்பக்க ஃபயர்வயருக்கும் மதர்போர்டில் இருக்கும் பின் வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரிதான், இரண்டு வரிசை, ஐந்தைந்து. அசெம்பிள் செய்தவர் மாற்றிச் செருகியிருந்தால் முன்பக்க யு.எஸ்.பி.யில் பென் டிரைவ் போட்டதும் 12 வோல்ட் பாயும். மாமாவின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். கேபிள்கள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் துளையின் தகடு விரிந்திருந்தது. அதில் கேமராவை இணைக்கவில்லை. எப்படியும் அந்தப் பெட்டியை ஓட்ட நம் ஊர் கரண்ட் விடாது. ஒரு மணி நேரக் கேசட்டை எடுக்க ஒரு மணி நேரம் முழுக்க ஓட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் டெஸ்க்டாப் அப்படியே அணைந்துவிடும்.

எந்தக் கம்ப்யூட்டரில் இணைப்பது

மூன்று வழிகள் யோசித்தேன்.

புது லேப்டாப்பில் வேண்டுமென்றால் தண்டர்போல்ட் வழியாகப் போக வேண்டும். ஆப்பிளின் தண்டர்போல்ட் 3 இலிருந்து 2 க்கு மாற்றும் அடாப்டர், அதில் தண்டர்போல்ட் 2 இலிருந்து ஃபயர்வயர் 800 க்கு மாற்றும் அடாப்டர், அதில் ஒன்பது பின்னிலிருந்து நாலு பின்னுக்கு வரும் கேபிள். மூன்றும் சேர்ந்தால் வேலை செய்யும், ஏனென்றால் இதில் உண்மையிலேயே ஃபயர்வயர் சிப் ஒன்று உள்ளே இருக்கிறது. ஆனால் யு.எஸ்.பி.-சி துளை இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேக்கில் `macOS 26` வந்ததும் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள், அதனால் மேக்கில் செய்பவர்கள் அதற்கு முந்தைய பதிப்பில் இருக்க வேண்டும். இங்கே அந்த அடாப்டர்களைத் தேடிப் பிடித்து வாங்கும் காசுக்கு இரண்டு பழைய லேப்டாப் வாங்கலாம்.

டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைச் செருகுவது இரண்டாவது வழி. மலிவு, நம்பகமானது. கரண்ட் நிலையாக இருக்கும் ஊரில் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, நாலு பின் துளை கூடவே வந்த பழைய லேப்டாப். என்னிடம் இருந்தது டெல் லேட்டிட்யூட் E6410. அதில் நாலு பின் ஃபயர்வயரும் இருக்கிறது, இ-சாட்டாவும் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் கிடையாது. நாலுக்கு நாலு பின் கேபிள் ஒன்று போதும், அதில் மின்சாரக் கம்பியே இல்லாததால் தலைகீழ்ப் பயமும் இல்லை. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பக்கவாட்டில் அந்தச் சின்னத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். விண்டோஸ் 10 இலும் முடியும், மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் பழைய 1394 டிரைவரைப் போட வேண்டிவரலாம். லினக்ஸில் அந்தத் தொல்லை கிடையாது.

கேமராவைப் பேச வைப்பது

கேமராவை அணைத்து வைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். ஓடும்போதே செருகலாம் என்று விதிப்படி சொன்னாலும், இருபது வருஷச் சிப்பில் அந்தச் சோதனை வேண்டாம். பிறகு கேமராவைப் படம் பிடிக்கும் நிலையில் அல்ல, டேப் ஓட்டும் நிலையில் திறக்க வேண்டும். உடனே `sudo dmesg` போட்டு லினக்ஸ் சொல்லும் செய்திகளைப் பாருங்கள். எனக்கு வந்த வரி இந்த மாதிரி:

```
firewire_core 0000:03:01.4: created device fw1:
GUID 08004601024b7c10, S100
```

`fw0` என்பது லேப்டாப்பின் சொந்தத் துளை, அது எப்போதும் இருக்கும். `fw1` வந்தால்தான் கேமரா பேசுகிறது என்று அர்த்தம். `080046` என்று தொடங்கினால் சோனி. `S100` என்பது வேகம், டேப் கேமராக்கள் எல்லாம் இந்த வேகத்தில்தான் பேசும், அதைப் பார்த்துக் கேபிள் மட்டம் என்று நினைக்க வேண்டாம். `fw0` கூட இல்லையென்றால் கோளாறு லேப்டாப் பக்கம், BIOS-இல் 1394 அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். `fw0` இருந்து `fw1` வரவில்லையென்றால் கேபிள், துளை, அல்லது சுட்டுப்போன சிப்.

மாமாவின் கேமராவில் `fw1` வந்தது, போனது, வந்தது. கேபிளைத் தொட்டால் போகிறது. நாலு பின் துளைக்கு இது பரம்பரை வியாதி. துளை மிகச் சின்னது, கேபிளோ தடிமன். வருஷக்கணக்கில் கேபிள் தொங்கித் தொங்கி, துளையைப் போர்டோடு பிடித்திருக்கும் ஈயம் விரிசல் விட்டிருக்கும். கேமராவைப் பிரித்து ஈயம் வைக்கலாம், ஆனால் அந்தக் கேமராக்களில் நூல் மாதிரியான பட்டைக் கேபிள்கள் நிறைய. ஒன்று அறுந்தால் டேப்பே ஓடாது. நான் பிரிக்கவில்லை. கேமராவை ஒரு பலகையில் வைத்து, கேபிளைத் துளைக்கு நேர்கோட்டில் வரும்படி உயரம் சரிசெய்து, பிளக்கிலிருந்து மூன்று விரற்கடை தள்ளிப் பலகையோடு சேர்த்து டேப் ஒட்டினேன். கேபிளின் எடை துளையில் விழாததால் `fw1` அசையாமல் நின்றது.

கேமராவின் பேட்டரி செத்துவிட்டதால் அதன் 8.4 வோல்ட் அடாப்டரை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தேன். அப்புறம் இந்தக் கட்டளை:

```
dvgrab -t -f raw -s 0 thimithi-
```

டேப்பில் இருப்பதைக் கோப்பாக எடுக்கும் இந்த `dvgrab` தானே கேமராவின் ப்ளே பட்டனை அழுத்தும். `-t` போட்டால் படம் பிடித்த தேதியும் நேரமும் கோப்பின் பெயரில் வரும். கேமராவின் கடிகாரம் அன்று சரியாக இருந்திருந்தால் எந்தத் தீமிதி என்று மாமாவைக் கேட்கவே வேண்டாம். `-s 0` என்றால் கோப்பைத் துண்டாக்காதே என்று பொருள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். நொடிக்கு 3.6 எம்.பி.தான் என்பதால் பழைய ஹார்ட் டிஸ்க்கே தாராளமாகத் தாங்கும்.

ஓடும்போது சில இடங்களில் `damaged frame` என்று திரையில் வரும். கேபிளா, டேப்பா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேமராவின் சின்னத் திரையைப் பாருங்கள். அங்கேயும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் கோளாறு டேப்பிலோ ஹெட்டிலோ. கேமராவில் சுத்தமாக ஓடி, கோப்பில் மட்டும் உடைந்தால் கேபிள் அல்லது லேப்டாப். படம் முழுக்கப் பட்டை பட்டையாக, ஒன்றுவிட்டு ஒன்று உடைந்தால் இரண்டு ஹெட்டில் ஒன்று அழுக்கு. நம் ஊர் ஈரத்தில் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும், அதுதான் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். கிளீனிங் கேசட்டைப் பத்து நொடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.

நடுவில் நின்றுபோன டேப்

ஒரு கல்யாண டேப் பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரும் சார்ஜ் இறங்கி அணைந்ததால் கேமரா நின்றுவிட்டது. கேசட் வெளியே எடுக்க வராது, டேப் டிரம்மைச் சுற்றி இருக்கும். பலவந்தப்படுத்தாமல் விட்டுவிட்டால் கரண்ட் வந்ததும் தானாக விடுவித்துக்கொள்ளும்.

இந்த மாதிரி டேப்பை முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. இந்தக் கோப்பின் அமைப்பு அப்படி. தலைப்பு, அட்டவணை எதுவும் இல்லாமல் ஃபிரேம் மேல் ஃபிரேமாக அடுக்கியிருக்கும். மாமாவின் கேமரா பேசும் என்.டி.எஸ்.சி. என்ற டிவி முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக 120000 பைட். பி.ஏ.எல். முறையில் 144000. அதனால் கோப்பின் அளவை 120000 ஆல் வகுத்தால் ஃபிரேம் எண்ணிக்கை வந்துவிடும். மீதி வந்தால் கடைசி ஃபிரேம் அரைகுறை என்று அர்த்தம், அந்த மீதியை வெட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் மணி, நிமிஷம், நொடி, ஃபிரேம் எண் என்ற வரிசையில் டைம்கோடும் இருக்கிறது. முதல் கோப்பான `a.dv` இன் கடைசி முழு ஃபிரேம் 00:31:12:04. டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி எடுத்த இரண்டாவது கோப்பு `b.dv` 00:30:50:00 இல் தொடங்கியது. இரண்டுக்கும் பொதுவான பகுதியை இரண்டாவதிலிருந்து வெட்ட வேண்டும். 22 நொடி, நொடிக்கு 30 என்றால் 660, அதோடு 4, ஆக 664. ஆனால் இங்கே ஒரு சூட்சுமம். என்.டி.எஸ்.சி. உண்மையில் நொடிக்கு 29.97 ஃபிரேம். கணக்கு கடிகாரத்தோடு ஒத்துப்போக, ஒவ்வொரு நிமிஷமும் தொடங்கும்போது இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள், பத்தால் வகுபடும் நிமிஷங்களில் மட்டும் தாண்டுவதில்லை. ஃபிரேம் எதுவும் தொலைவதில்லை, எண்தான் தாண்டுகிறது. நம் வெட்டு 31 ஆவது நிமிஷத்தின் தொடக்கத்தைக் கடப்பதால் 664 இல் 2 கழித்து 662. கடைசி ஃபிரேமையும் சேர்த்து 663. அதை 120000 ஆல் பெருக்கினால் 79560000 பைட். அதற்கு அடுத்த பைட்டிலிருந்து ஒட்ட வேண்டியதுதான்:

```
tail -c +79560001 b.dv > b2.dv
cat a.dv b2.dv > kalyanam.dv
```

தாலி கட்டும் இடம் அதற்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் வந்தது. ஒட்டிய இடத்தில் மேளச் சத்தம் துளியும் குதிக்கவில்லை.

டிவியில் ஓட்ட மாமாவுக்குக் கொடுக்கும் பிரதியை இப்படிச் செய்தேன். மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.

```
ffmpeg -i kalyanam.dv -vf bwdif -c:v libx264 -pix_fmt yuv420p -crf 18 \
  -c:a aac -b:a 192k kalyanam.mp4
```

`bwdif` இல்லாவிட்டால், ஆள் நடக்கும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும்.

டிஸ்க் பெட்டியின் துளை

மாமாவின் வெளிப்பெட்டியில் பின்பக்கம் ஒரே ஒரு டேட்டா துளை, கூடவே 12 வோல்ட் அடாப்டருக்கான துளை. மாமா அதை “பெரிய யு.எஸ்.பி.” என்றார். யு.எஸ்.பி. இல்லை, இ-சாட்டா. தட்டையான தகட்டுச் சட்டத்துக்குள் மெல்லிய நேரான நாக்கு, அதில் ஏழு தொடுமுனை. கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் சாதாரண சாட்டாவில் அந்த நாக்கு ஒரு முனையில் எல் எழுத்து மாதிரி மடங்கியிருக்கும். இ-சாட்டாவில் மடங்காது, அதனால் உள் கேபிளை வெளியே செருக முடியாது. வெளியே போகும் கேபிள் இரண்டு மீட்டர் வரை இருக்கலாம் என்பதால் சிக்னலைக் கொஞ்சம் பலமாக்கி, உறையையும் தகடாக்கினார்கள். மற்றபடி பேசும் மொழி சாட்டாவேதான். ஃபயர்வயரோடு பட்ட பாடு இங்கே இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க்.

இ-சாட்டாவில் கரண்ட் வராது. சில லேப்டாப்களில் யு.எஸ்.பி.யும் இ-சாட்டாவும் ஒரே துளையில் சேர்ந்து வரும். E6410 இல் இருப்பது அதுதான். யு.எஸ்.பி. மாதிரியே தெரியும், ஆனால் துளை சற்று உயரம். ஒரு முனையில் யு.எஸ்.பி.யும் இ-சாட்டாவுமாக இரண்டு பிளக் பிரியும் கேபிளும் விற்கிறார்கள். அதில் யு.எஸ்.பி. வால் கரண்டுக்கு மட்டும், டேட்டா அதில் போகாது. அதை வாங்கி யு.எஸ்.பி. வாலை மட்டும் புது லேப்டாப்பில் செருகிவிட்டு டிஸ்க் வரவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு. சிப் உள்ள அடாப்டர் வேறு, அது வேலை செய்யும்.

பெட்டியைச் செருகினேன், எதுவும் வரவில்லை. BIOS-இல் AHCI இருந்தாலும் ஓடும்போது செருகினால் சில நேரம் கவனிக்காது. மறுபடி தேடச் சொன்னால் போதும்:

```
echo "- - -" | sudo tee /sys/class/scsi_host/host*/scan
```

இப்போது வந்தது, ஆனால் 465.8 ஜிபி உள்ள ஒரே ஒரு டிஸ்க். பெட்டியில் இருப்பதோ இரண்டு 500 ஜிபி டிஸ்க். மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. ஒன்று போய்விட்டதோ என்று.

அவசரப்பட்டு எதையும் தொடக்கூடாத இடம் இது. ஒரு டிஸ்க் மட்டும் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று செத்திருக்கலாம். அல்லது பெட்டியே இரண்டிலும் ஒரே டேட்டாவை எழுதி, வெளியே ஒன்றாகக் காட்டலாம். அல்லது இரண்டும் தனித்தனியாகவே இருந்து, ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்கைப் பார்க்கும் திறமை லேப்டாப்புக்கு இல்லாமல் இருக்கலாம். அந்தத் திறமைக்குப் போர்ட் மல்டிபிளையர் ஆதரவு என்று பெயர். இன்டெல் சிப்செட்டின் சொந்த சாட்டா துளைகளில் அது பொதுவாகக் கிடையாது, அப்போது முதல் டிஸ்க் மட்டும் தெரியும். `sudo dmesg | grep -i ahci` போட்டு, `flags` வரியில் `pmp` இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பெட்டியின் பின்னால் நிலையை மாற்றும் குட்டி ஸ்விட்ச் ஒன்று இருந்தது. அதை நகர்த்திப் பார்க்கலாமா என்று மருமகன் கேட்டார். கூடவே கூடாது. சில பெட்டிகள் நிலை மாறியதும் டிஸ்க்கைப் புதிதாக வகுக்கத் தொடங்கிவிடும்.

டிஸ்க் இரண்டையும் வெளியே எடுத்து, எந்த இடத்தில் எது இருந்தது என்று மேலே எழுதி வைத்தேன். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்காக விற்கும் சன்னமான யு.எஸ்.பி.-சாட்டா கேபிள் 5 வோல்ட் மட்டும் தருவதால் அதில் சுழலவே சுழலாது, செத்த டிஸ்க் மாதிரியே தெரியும். தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. டாக்கில் இரண்டாவது டிஸ்க்கை வைத்தேன். அமைதியாகச் சுழன்றது. பிறகு:

```
lsblk -o NAME,SIZE,FSTYPE,LABEL
sudo mount -o ro /dev/sdb1 /mnt
```

NTFS, தனிப் பெயர், முதல் டிஸ்க்கில் இல்லாத கோப்புகள். ஆக இரண்டும் தனித்தனி டிஸ்க்தான், எதுவும் சாகவில்லை. `ro` போட்டது அதில் ஒரு எழுத்தும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து எழுதப்பட்டிருந்தால், டிஸ்க்கைவிடப் பெரிய பார்ட்டிஷன் அட்டவணையில் தெரியும், கோப்புகள் திறக்காது. அப்போது இரண்டையும் ஒருசேர இணைத்துச் செய்ய வேண்டிய வேலை வேறு.

அந்த இரண்டாவது டிஸ்க்கில் மாமா கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டு மறந்துபோன `.avi` கோப்புகள் நிறைய இருந்தன. `ffprobe` இல் பார்த்தால் `dvvideo` என்று வந்தது. அதாவது டேப்பில் இருந்த அதே டேட்டா, மேற்கொண்டு சுருக்கப்படாமல். பூஞ்சை பிடித்து நான் ஒதுக்கி வைத்த கேசட்டுகளில் பலவும் அதில் இருந்தன. அவற்றைக் கேமராவில் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

மீதி இருப்பது சிங்கப்பூரில் வாங்கிய வேறொரு கேமராவில் மாமா எடுத்த சில கேசட்டுகள். அவை பி.ஏ.எல்., மாமாவிடம் இப்போது இருக்கும் கேமரா என்.டி.எஸ்.சி., அதில் படம் வராது. பி.ஏ.எல். ஹேண்டிகேம் யாரிடமாவது ஓடும் நிலையில் இருந்தால் சொல்லுங்கள், நாலு பின் துளை ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.